தினமும் வேலைக்குப் போக எந்த சைக்கிள் வாங்கலாம்?

சைக்கிள் கடைக்குள் நுழைந்ததும் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "இருபத்தாறா, இருபத்தேழரையா, இருபத்தொன்பதா?" அடுத்த கேள்வி, "கியர் வேணுமா?" மூன்றாவது, "டிஸ்க் பிரேக் போட்டுடலாமா?" நான்காவதாகத்தான் பட்ஜெட். வாங்க வந்தவரின் உயரத்தைக் கேட்கும் கடைகள் மிகக் குறைவு. காலின் நீளத்தைக் கேட்கும் கடையை விரல்விட்டு எண்ணிவிடலாம். தினமும் அலுவலகத்துக்கோ பட்டறைக்கோ போய்வர ஒரு சாதாரண சைக்கிள் தேடுபவர்கள், இந்தக் கேள்விகளின் வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சைக்கிள் முதலில் உடம்புக்குப் பொருந்த வேண்டும். அடுத்து, மழையிலும் நிற்க வேண்டும். கியர் அதற்குப் பிறகு வந்தால் போதும்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு பேசினால் எளிதாக இருக்கும். என் தங்கை மகள் சென்னை மடிப்பாக்கத்தில் இருக்கிறாள். வேலை கிண்டி தொழிற்பேட்டையில். ஒரு பக்கம் ஏழு கிலோமீட்டர் அளவுக்கு வரும். சாலை முழுக்கச் சமதளம், ஏற வேண்டியது ஒரே ஒரு மேம்பாலம். உயரம் 158 சென்டிமீட்டர். அவள் போன முதல் கடையில் எடுத்துக் காட்டியது 27.5 அங்குலச் சக்கரம், 21 கியர், முன்பக்கம் ஷாக் அப்சார்பர், இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் உள்ள ஒரு மலைச் சைக்கிள். பார்க்க எடுப்பாக இருந்தது. விலை பதினான்காயிரத்துக்கு மேல். நல்லவேளையாக, வாங்குவதற்கு முன் அவள் வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தோம்.

அளக்க வேண்டியது உயரத்தை அல்ல, காலின் உள்பக்க நீளத்தை. வெறுங்காலோடு சுவரில் முதுகு சாய்த்து நிற்க வேண்டும். ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைத் தொடைகளுக்கு நடுவே, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு அழுத்தமாக மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். புத்தகத்தின் மேல்விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. தரையிலிருந்து அந்தக் கோடு வரை உள்ளதுதான் உங்கள் அளவு. அவளுக்கு 73 சென்டிமீட்டர் வந்தது. ஒரே உயரமுள்ள இரண்டு பேருக்கு இந்த அளவு நான்கைந்து சென்டிமீட்டர் வரை மாறலாம். அதனால்தான் உயரத்தை மட்டும் வைத்து சைக்கிள் வாங்கக் கூடாது என்கிறேன்.

இந்த அளவு இரண்டு இடங்களில் உதவும். ஒன்று, சைக்கிளின் குறுக்குக் கம்பிக்கு மேலே கால்களை இருபுறமும் ஊன்றி நிற்கும்போது கம்பிக்கும் உடம்புக்கும் நடுவே குறைந்தது மூன்று சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். அப்படியானால் அவளுக்கு அந்தக் கம்பி 70 சென்டிமீட்டர் உயரத்துக்குள் இருக்க வேண்டும். கடையில் காட்டிய மலைச் சைக்கிளின் கம்பி அதைவிட உயரம். சிக்னலில் திடீரென்று இறங்கி நிற்க நேர்ந்தால் கம்பி இடிக்கும், அல்லது வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துத்தான் கால் ஊன்ற முடியும். பேருந்துகளுக்கு நடுவே அது ஆபத்து. நம் ஊரில் பால்காரர்களும் இளநீர் வியாபாரிகளும் ஓட்டும் பழைய கறுப்பு சைக்கிளின் 22 அங்குல ஃப்ரேமில் இந்தக் கம்பி 80 சென்டிமீட்டரைத் தாண்டும். அது நெட்டையான ஆண்களுக்கான அளவு. அப்பாவின் சைக்கிளில் குரங்கு பெடல் போட்டுப் பழகிய தலைமுறை நாம். சைக்கிள் எந்த அளவில் இருந்தாலும் உடம்புதான் அதற்கு ஏற்ப வளைய வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்தே நம்மோடு வந்துவிட்டது. தினமும் ஒரு மணி நேரம் ஓட்டப் போகிறவர்கள் அதை விட்டுவிட வேண்டும்.

கடையில் சொல்லும் 26, 27.5, 29 எல்லாம் சக்கரத்தின் அளவு. ஃப்ரேமின் அளவு வேறு. பெடல் அச்சின் நடுவிலிருந்து சீட் குழாயின் மேல்நுனி வரை உள்ள நீளம் அது. பெரும்பாலும் 15, 17, 18, 19 அங்குலம் என்று வரும். ஒரே சக்கர அளவில் பல ஃப்ரேம் அளவுகள் உண்டு. விலை குறைந்த வண்டிகளில் பெரும்பாலும் ஒரே ஃப்ரேம் அளவுதான் செய்கிறார்கள், அதைப் பற்றிக் கடைக்காரரும் பேசுவதில்லை. செருப்புக் கடையில் "எல்லாம் ஒரே சைஸ்தான்" என்று சொன்னால் நாம் வாங்குவோமா? தோராயமாகச் சொன்னால், 150 முதல் 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவர்களுக்கு 15 முதல் 17 அங்குல ஃப்ரேமும், அதற்கு மேல் 178 வரை 17 முதல் 19 அங்குலமும் பொருந்தும். நிறுவனத்துக்கு நிறுவனம் வடிவம் மாறும் என்பதால் இது தேடலைத் தொடங்க மட்டுமே. முடிவு செய்ய வேண்டியது கம்பியின் மேல் நின்று பார்த்துத்தான்.

கால் அளவின் இரண்டாவது பயன் சீட் உயரம். அளவை 0.883-ஆல் பெருக்கினால், பெடல் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் கிடைக்கும். 73-க்கு 64.5 சென்டிமீட்டர். இது பந்தய ஓட்டிகளின் கணக்கு. நகர நெரிசலில் அடிக்கடி நிற்க வேண்டியிருப்பதால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குறைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம். டேப் இல்லாவிட்டால் இன்னொரு வழி: சீட்டில் நேராக உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். முழங்கால் நேராக நிற்க வேண்டும். ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதிதான் பெடலில் இருக்கும் என்பதால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்.

பெரும்பாலானவர்கள் சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு பாதங்களும் தரையில் படிய வேண்டும் என்று சீட்டை இறக்கிவிடுகிறார்கள். அச்சம் புரிகிறது. ஆனால் அப்படி இறக்கினால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் அதிகமாக மடங்கி, முட்டிச் சில்லின் பின்னால் அழுத்தம் ஏறும். சில வாரங்களில் முழங்காலின் முன்பக்கம் வலிக்கத் தொடங்கும். "வயசாகிடுச்சு, சைக்கிள் ஒத்துக்கலை" என்று நிறுத்திவிடுகிறவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்பட்டது ஸ்பேனரும் இரண்டு அங்குல சீட் உயரமும்தான். சரியான உயரத்தில் உட்கார்ந்தால் கால்விரல்கள் மட்டுமே தரையைத் தொடும். நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னே நழுவி இறங்கிக் காலை ஊன்றுவது இரண்டு நாளில் பழகிவிடும். வலி முழங்காலின் பின்பக்கம் வந்தாலோ, மிதிக்கும்போது இடுப்பு இருபுறமும் ஆடினாலோ சீட் உயரம் அதிகம் என்று பொருள். சீட் குழாயில் ஒரு கோடு பொறித்திருப்பார்கள். அந்தக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தினால்தான் கால் எட்டுகிறது என்றால் அந்த ஃப்ரேம் உங்களுக்குச் சிறியது. வேறு வண்டி பாருங்கள்.

சேலை, வேட்டி, தளர்ந்த பாவாடை அணிபவர்களுக்கும், பின் கேரியரில் பை கட்டி வைத்திருப்பதால் காலைப் பின்னால் வீச முடியாதவர்களுக்கும் கம்பி தாழ்ந்த ஃப்ரேம்தான் நல்லது. கடைகளில் அதை லேடீஸ் மாடல் என்கிறார்கள். ஆண்கள் அதை வாங்கத் தயங்கத் தேவையில்லை. ஐம்பது வயதைக் கடந்த ஆண்கள் தினசரிப் பயணத்துக்கு இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். என் தங்கை மகளுக்கும் அதைத்தான் தேர்ந்தெடுத்தோம்.

அடுத்தது பிரேக். சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மூன்று மாதங்களில் எப்படி நிற்கும் என்பதை வைத்துத்தான் பிரேக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதில் பிரேக்கின் வகையைவிட முக்கியமான ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. அது ரிம் எந்த உலோகம் என்பது. பழைய கறுப்பு சைக்கிளிலும், விலை குறைந்த பல புதிய சைக்கிள்களிலும் ரிம் இரும்பு. அதன்மேல் பளபளக்கும் குரோமியப் பூச்சு. காய்ந்திருக்கும்போது அது ஓரளவு நிற்கும். நனைந்துவிட்டால் பிரேக் கட்டைக்கும் வழவழப்பான குரோமியத்துக்கும் நடுவே நீர்ப்படலம் தங்கிவிடுகிறது. பிரேக்கை முழுவதும் பிடித்தும் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். நிற்கும் தூரம் பல மடங்கு நீளும். அலுமினிய ரிம்மிலும் மழையில் பிடிமானம் குறையத்தான் செய்யும். ஆனால் சக்கரம் ஒன்றிரண்டு சுற்று சுற்றுவதற்குள் கட்டை தண்ணீரை வழித்துவிட்டுப் பிடிக்கத் தொடங்கும்.

ரிம்மைப் பிடித்து நிறுத்தும் பிரேக் உள்ள சைக்கிள் வாங்கப் போகும்போது சட்டைப் பையில் ஒரு சிறு காந்தம் எடுத்துக்கொண்டு போங்கள். ரிம்மில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியம். கடைக்காரர் என்ன சொன்னாலும் காந்தம் சொல்வதை நம்பலாம். தினமும் மழையிலும் ஓட்டப் போகிறவர், அந்த பிரேக்கோடு இரும்பு ரிம் உள்ள சைக்கிளை வாங்கக் கூடாது. மற்றதெல்லாம் பிடித்துப்போன வண்டியில் ரிம் மட்டும் இரும்பாக இருந்தால், அலுமினிய ரிம் மாற்றித் தர எவ்வளவு ஆகும் என்று கடையிலேயே கேட்கலாம். பல கடைகளில் ஸ்போக் பின்னிக் கோட்டம் எடுக்கத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன.

அலுமினிய ரிம்மோடு வி-பிரேக் சேர்ந்தால் நகரத்துக்கு அதுவே போதும். இரண்டு நீளமான கைகள் ரிம்மை இருபுறமும் நெருக்கிப் பிடிக்கும் எளிய அமைப்பு அது. கேபிள் சில பத்து ரூபாய்தான். பிரேக் கட்டை எந்தத் தெருமுனைக் கடையிலும் கிடைக்கும், நீங்களே பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். அப்படியானால் டிஸ்க் எதற்கு? நல்ல ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் மழையில் மிகச் சிறப்பாகவே நிற்கும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய் சைக்கிளில் வருவது கேபிளால் இயங்கும் மலிவான டிஸ்க். பெரும்பாலும் ஒரு பக்கத்துப் பட்டை மட்டுமே நகர்ந்து தட்டை மறுபக்கம் தள்ளிப் பிடிக்கும். அலுவலக சைக்கிள் நிறுத்துமிடத்தில் பக்கத்து வண்டியின் பெடல் இடித்தால் தட்டு லேசாக வளையும். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் 'சர்க் சர்க்' என்று உரசும். அதைச் சரிசெய்யத் தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டியிருக்கும், அதற்கான பட்டை தெருமுனையில் கிடைக்காது.

எந்த பிரேக்காக இருந்தாலும் கடையிலேயே செய்ய வேண்டிய ஒரு சோதனை இருக்கிறது. சைக்கிளின் பக்கத்தில் நின்று, அதை முன்னே தள்ளிக்கொண்டே முன் பிரேக்கை மட்டும் பிடியுங்கள். நம் நாட்டில் பெரும்பாலும் வலக்கை லீவர்தான் முன் பிரேக். முன்சக்கரம் நின்று, பின்சக்கரம் தரையிலிருந்து எழும்ப முயல வேண்டும். லீவர் ஹேண்டில்பாரைத் தொடும் வரை வந்தும் சக்கரம் சுற்றினால் பிரேக் சரியில்லை. முன் பிரேக்கைப் பிடித்தபடியே வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் ஹேண்டில்பாரின் கீழே 'டொக் டொக்' என்று தட்டக் கூடாது. தட்டினால் அங்குள்ள கோன் தளர்ந்திருக்கிறது. இறுக்கிய பிறகே வாங்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது உடல் எடை முன்சக்கரத்துக்குச் செல்வதால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன் பிரேக்தான் செய்கிறது. தலைகுப்புற விழுந்துவிடுவோம் என்று பயந்து பின் பிரேக்கை மட்டுமே பிடித்துப் பழகியவர்கள் ஏராளம். அவர்களுடைய சைக்கிள், பாதி பிரேக்கோடு ஓடுகிறது. இரண்டையும் சேர்த்து, முன் பிரேக்கைச் சீராக இறுக்கிப் பிடிக்கக் காலி மைதானத்தில் ஒரு மாலை பழகினால் போதும்.

இப்போது கியர். 21 கியர் என்றால் முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு, பெருக்கினால் 21. முன்னால் 42, 34, 24 பற்கள், பின்னால் 14 முதல் 28 பற்கள் வரை உள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். முன்னால் 42-இல் செயினை வைத்துப் பின்னால் 24-இல் போட்டால் ஒரு மிதிக்குச் சக்கரம் 1.75 சுற்று சுற்றும். 34-இல் வைத்துப் பின்னால் 20-இல் போட்டால் 1.7. 24-இல் வைத்து 14-இல் போட்டால் 1.71. மூன்றும் ஏறக்குறைய ஒரே கியர்தான். மூன்றாவது சேர்க்கையில் செயின் குறுக்காக இழுபட்டு விரைவில் தேயவும் செய்யும். இப்படி ஒன்றன்மேல் ஒன்று விழுவதைக் கழித்தால், 21-இல் உண்மையில் வேறுவேறாக இருப்பவை பாதிக்குச் சற்று மேல். அதிலும் 24 பற்கள் உள்ள சிறிய சக்கரம் மலைப்பாதைக்கானது. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ ஏற்காட்டிலோ இருப்பவர்களுக்கு அது அவசியம். சமதளத்தில் ஓட்டுபவருக்கு அது தேவைப்படாது, ஆனால் அதன் எடையையும் பராமரிப்பையும் தினமும் சுமக்க வேண்டும்.

கியரே இல்லாத சைக்கிளில் வழக்கமாக முன்னால் 44 பற்கள், பின்னால் 18. 26 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2 மீட்டர் என்பதால், ஒரு முழு மிதிக்கு வண்டி 5 மீட்டர் ஓடும். நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் மணிக்கு 18 கிலோமீட்டர். சமதளத்தில் இது நன்றாகவே இருக்கும். மேம்பாலத்தில்தான் மூச்சு வாங்கும்; எதிர்க்காற்றிலும் அப்படித்தான். மார்ச் முதல் மாலை நேரத்தில் கடற்காற்று எதிரே வீசும்போது வீடு திரும்புகிறவர்களுக்கு அது தெரியும். இதற்கு மலிவான தீர்வு ஒன்று உண்டு. பின்னால் உள்ள ஃப்ரீவீலை 18-க்குப் பதில் 20 பற்கள் உள்ளதாக மாற்றச் சொல்லலாம். சில நூறு ரூபாய் வேலை. செயின் அப்படியே இருக்கட்டும், சக்கரத்தைச் சற்று முன்னே தள்ளி இறுக்கினால் சரியாக உட்காரும். இப்போது ஒரு மிதிக்கு நாலரை மீட்டர், அதே வேகத்தில் மிதித்தால் மணிக்கு 16 கிலோமீட்டர். ஏழு கிலோமீட்டருக்கு மூன்று நிமிடம்தான் கூடும், மேம்பாலம் இளகிவிடும். மடிப்பாக்கம் சைக்கிளுக்கு இதைத்தான் செய்தோம்.

கியர் வேண்டவே வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். பயணம் பத்து கிலோமீட்டருக்கு மேல் என்றாலோ, முழங்கால் ஏற்கெனவே பலவீனம் என்றாலோ, ஊர் மேடுபள்ளமாக இருந்தாலோ கியர் உதவும். அப்போதும் முன்னால் ஒரே பல்சக்கரமும் பின்னால் ஏழும் உள்ள வண்டியைத் தேடுங்கள். முன்பக்க கியர் மாற்றியும் அதன் கேபிளும் லீவரும் இல்லாமல் போவதால் பழுதாகும் இடங்களும் குறையும்.

முன்பக்க ஷாக் அப்சார்பரைப் பற்றி இரண்டு வரி. மலிவான வண்டியில் அது ஒன்று முதல் இரண்டு கிலோ எடையைக் கூட்டுகிறது; எழுந்து நின்று மிதிக்கும்போது உங்கள் பலத்தின் ஒரு பகுதியைத் தானே விழுங்குகிறது; ஓரிரு மழைக்காலத்தில் துருப்பிடித்து இறுகிவிடுகிறது. குழியும் வேகத்தடையும் உள்ள நம் சாலைக்கு வேண்டியது கொஞ்சம் அகலமான, சரியாகக் காற்றடித்த டயர்.

பட்ஜெட்டுக்கு நான் பின்பற்றும் அளவுகோல், இதே பயணத்துக்கு ஒரு வருடத்தில் ஆகும் பெட்ரோல் செலவு. போகவர 14 கிலோமீட்டர். ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தால், நூறு ரூபாய் பெட்ரோலில் நாளுக்கு சுமார் 31 ரூபாய், மாதம் 24 வேலைநாளுக்கு 750, வருடத்துக்கு ஒன்பதாயிரம். இந்தப் பயணத்துக்கு சைக்கிளின் விலை அதை ஒட்டி இருக்க வேண்டும். அலுமினிய ரிம், வி-பிரேக், கியரில்லாத எளிய சைக்கிள் எட்டிலிருந்து பத்தாயிரத்துக்குள் அமையும். பின்பக்கம் ஏழு கியர் வேண்டுமென்றால் இன்னும் சில ஆயிரம் கூடும். ஐயாயிரத்துக்குக் கிடைக்கும் புதிய சைக்கிளில் இரும்பு ரிம்மும் தளர்ந்த பெடல் அச்சும் வரும் வாய்ப்பு அதிகம். இருபதாயிரத்துக்கு மேல் போனால், அலுவலக வாசலில் பூட்டிவிட்டு வரும்போது மனம் நிம்மதியாக இருக்காது.

விலைச்சீட்டில் பலர் கணக்கில் எடுக்காதவை வண்டியோடு வராத பொருள்கள். மலைச் சைக்கிள்களிலும் ஹைப்ரிட்களிலும் மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு பல நேரம் தனி விலை. மட்கார்டு இல்லாமல் மழையில் அலுவலகம் போய்ச் சேர்ந்தால் முதுகில் சேறு ஒரு கோடாக அடித்திருக்கும். கனமான பூட்டு, முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, மணி, ஹெல்மெட், கைப்பம்பு எல்லாம் சேர்ந்து இரண்டாயிரத்து ஐந்நூறு முதல் மூவாயிரத்துக்குள் வரும். கையில் பன்னிரண்டாயிரம் இருந்தால் ஒன்பதாயிரத்துக்கு வண்டி பாருங்கள்.

சைக்கிள்கள் தொழிற்சாலையிலிருந்து முழுதாகப் பூட்டி வருவதில்லை. அட்டைப்பெட்டியில் பாதி பூட்டிய நிலையில் வந்து, மீதியைக் கடையில் ஒருவர் அவசரமாகப் பூட்டித் தருகிறார். ஆகவே முதல் மாதம்தான் கவனம் வேண்டிய காலம். புதிய கேபிள் நீண்டு பிரேக் தளரும், ஸ்போக்குகள் இளகி ரிம் லேசாகக் கோணும், பெடல் அச்சு ஆடத் தொடங்கும். பெடல் கைகளைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். அசைவு தெரிந்தால் ஓட்டாதீர்கள். தளர்ந்த நிலையில் ஓட்டினால் உள்ளே உள்ள பால்ரஸ் ஓடும் தடமே தேய்ந்து, அச்சை முழுதாக மாற்ற வேண்டியிருக்கும். முப்பது நாளுக்குள் அதே கடைக்கு எடுத்துப் போய் இந்த மூன்றையும் இறுக்கச் சொல்லுங்கள். பணம் கொடுப்பதற்கு முன்பே, முதல் சர்வீஸ் இலவசம் என்பதையும் பெடல் அச்சுக்கு அடியிலோ சீட் குழாயிலோ பொறித்திருக்கும் ஃப்ரேம் எண்ணையும் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி திருடுபோனால் காவல் நிலையத்தில் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.